மகனுக்குக் கொடுத்த பணம்: கொடையா, கடனா?

நிலத்தை விற்ற பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த சில வாரங்களுக்குள் சென்னையில் இருக்கும் மகனிடமிருந்தோ மகளிடமிருந்தோ செய்தி வருவது இப்போது பல கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. அடையாற்றிலோ மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று விலைக்கு வருகிறது, வங்கி ஒரு பகுதிதான் கடன் தரும், மீதிக்கு அப்பா உதவ வேண்டும் என்பதே அந்தச் செய்தி. தந்தையும் மறுப்பதில்லை. பத்து லட்சமோ இருபது லட்சமோ கை மாறுகிறது. அது திரும்பி வர வேண்டிய பணமா, மகனுக்கே கொடுத்த பணமா என்று அன்று யாரும் பேசுவதில்லை. பேசினால் மனம் நோகும் என்று எண்ணுகிறார்கள்.

பக்கத்துத் தோட்டக்காரருக்கு ஐயாயிரம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தால் சிட்டையில் குறித்து வைக்கும் விவசாயி, மகனுக்குக் கொடுத்த இருபது லட்சத்தை எங்கும் குறிப்பதில்லை. தந்தை உயிருடன் உள்ளவரை இதனால் பெரும்பாலும் தொல்லை இல்லை. அவர் காலமான பின் ஊரில் பயிர் செய்யும் இளைய மகன், “அண்ணன் வாங்கியது கடன், அதைக் கொண்டுவந்து சேர்த்த பிறகு பாகம் பிரிக்கலாம்” என்கிறார். மூத்தவர், “அப்பா எனக்குப் பிரியமாகக் கொடுத்தது” என்கிறார். இருவரும் பொய் சொல்வதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரே பணத்தைப் பற்றித் தந்தை இரு மக்களிடமும் இருவிதமாகப் பேசியிருக்கக்கூடும்.

சட்டத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு எளியது. திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டு வாங்கினால் கடன். கைம்மாறு எதுவும் பெறாமல் கொடுத்து, பெறுபவரும் ஏற்றுக்கொண்டால் கொடை. 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்தைக் கொடையாகக் கொடுக்கப் பதிவு செய்த பத்திரமும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் வேண்டும். பணத்திற்கு அது தேவையில்லை. கொடுக்கும் எண்ணத்துடன் கை மாறினாலே கொடை முடிந்துவிடும். சிக்கலும் இங்கேதான் தோன்றுகிறது. வங்கிக் கணக்கில் பணம் போனதற்குச் சான்று இருக்கும். எந்த எண்ணத்துடன் போனது என்பதற்கு இருக்காது.

தந்தை பிள்ளைக்குக் கொடுத்தால் அது கொடை என்றே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும் எனப் பலர் நம்புகின்றனர். இங்கிலாந்தில் அப்படி ஓர் அனுமானம் உண்டு. இந்தியாவுக்கு அது பொருந்தாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1854 ஆம் ஆண்டிலேயே ஒரு வங்காள வழக்கில் தீர்ப்பளித்தது. தந்தை தம் பணத்தில் மகன் பெயரில் சொத்து வாங்கிய வழக்கு அது. 1928 இல் மற்றொரு வழக்கு வந்தது. கணவர் ஒருவர் தமக்கும் மனைவிக்கும் சேர்த்து, இருவரில் யார் இருந்தாலும் பெறலாம் என்ற முறையில் வங்கியில் பணம் போட்டிருந்தார். அவர் இறந்ததும் அது மனைவிக்குக் கொடுத்த கொடையா என்ற கேள்வி எழுந்தது. பெயர் சேர்ந்திருப்பதாலேயே கொடை ஆகிவிடாது, பணம் கணவரின் வாரிசுச் சொத்தே என்று அதே கவுன்சில் கூறியது. டெபாசிட்டில் மகன் பெயரையும் சேர்த்து வைத்திருக்கும் விவசாயிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதனால் எழுத்தில்லாத பணமெல்லாம் கடனாகிவிடும் என்றும் கொள்ளக் கூடாது. கடன் என்று சொல்பவர்தான் அதைக் கடன் என்று மெய்ப்பிக்க வேண்டும். எழுத்து இல்லாவிட்டால் இரு பக்கமும் வாய்ச் சொல்லே மிஞ்சும்.

முதலில், அது யாருடைய பணம்?

கொடையா கடனா என்று தீர்மானிக்கும் முன் நிலம் வந்த வழியைப் பார்க்க வேண்டும். தந்தை தம் உழைப்பில் வாங்கிய நிலமானால், அதை விற்ற பணம் அவருடையது. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பாட்டன் வழி வந்த கூட்டுக் குடும்பச் சொத்தானால் அப்படி அல்ல. அதில் பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 25-3-1989 முதல், அன்று திருமணமாகாதிருந்த பெண்களுக்கும் அந்த உரிமை வந்தது. 2005 ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்திருத்தம் திருமணமான பெண்களுக்கும் அதை அளித்தது. 2020 இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆகவே பாட்டன் நிலத்தை விற்று முழுத் தொகையையும் ஒரு மகனுக்குக் கொடையாகக் கொடுத்துவிட்டு அதற்குக் கடிதம் எழுதி வைத்தாலும், மற்ற பிள்ளைகள் தங்கள் பங்கைக் கேட்க முடியும். இத்தகைய பணத்தில் முதலில் பாகம் பிரித்து, தந்தை தம் பாகத்திலிருந்து மட்டும் கொடுப்பதே சரி.

ஓர் எடுத்துக்காட்டு

மதுராந்தகம் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். தந்தை தாமே வாங்கிய ஓர் ஏக்கரை விற்றிருக்கிறார். மூத்த மகன் சென்னையில் சம்பள வேலையில் இருக்கிறார், அடையாற்றில் வீடு பார்த்திருக்கிறார். மகள் மணமாகி மயிலாப்பூரில் இருக்கிறார். இளைய மகன் ஊரில் மீதி நிலத்தைப் பயிர் செய்கிறார். மூத்தவருக்கு இருபது லட்சம் தேவை. தாய், தந்தை, மூன்று பிள்ளைகள் அனைவரும் உட்கார்ந்து பேசி, எட்டு லட்சம் தந்தையின் கொடை, பன்னிரண்டு லட்சம் கடன் என்று முடிவு செய்கின்றனர். மகளுக்குத் திருமணத்தில் போட்ட நகையையும் இளையவருக்குப் போட்டுக் கொடுத்த ஆழ்குழாய்க் கிணற்றையும் மனத்தில் வைத்து அந்த எட்டு லட்சம் முடிவானது.

இந்த இருபது லட்சத்தை ஒரே தடவையில் அனுப்பக் கூடாது. எட்டு லட்சம் ஒரு தடவையும் பன்னிரண்டு லட்சம் வேறொரு தடவையுமாக, தந்தையின் கணக்கிலிருந்து மகனின் கணக்குக்கு வங்கி வழியே போக வேண்டும். அப்போது ஒவ்வொரு தொகைக்கும் தனி எழுத்து பொருந்தி நிற்கும். வீடு விற்பவருக்குத் தந்தையே நேராகச் செக் கொடுப்பதும் நல்லதல்ல. பணம் மகனிடம் போனதா, வீட்டில் தந்தைக்குப் பங்கு உண்டா என்ற புதுக் கேள்வி அதில் பிறக்கும். வீட்டில் தமக்கும் பங்கு வேண்டும் என்று தந்தை எண்ணினால், கிரயப் பத்திரத்திலேயே தம் பெயரையும் சேர்த்துப் பதிவு செய்வது ஒன்றே வழி. மகன் பெயரில் வாங்கிவிட்டு, பணம் என்னுடையது, வீடும் என்னுடையது என்று பின்னால் கேட்பது வழக்குக்கே இடம் தரும்.

ரொக்கமாகக் கொடுப்பதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. இருபதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்ற வருமான வரி விதி நடைமுறையில் உள்ளது. மீறினால் வாங்கியவர் மீது வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம். விவசாய வருமானம் மட்டுமே உள்ள, வரி கட்டும் அளவுக்கு வேறு வருமானம் இல்லாத இரு விவசாயிகளுக்கு இடையே இந்தத் தடை இல்லை. ஆகவே அண்ணன் தம்பி இருவரும் ஊரிலேயே பயிர் செய்பவர்களானால் கவலை இல்லை. அடையாற்று மகன் வரி கட்டும் சம்பளக்காரராதலால் அந்த விலக்கு அவருக்குக் கிடைக்காது. திருப்பித் தரும்போதும் வங்கி வழியே தர வேண்டும். கொடையானாலும், ஒருவரிடமிருந்து இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2017 முதல் சட்டம் தடுத்துள்ளது.

வரியைப் பொறுத்தவரை தந்தை மகனுக்கும், மாமனார் மருமகனுக்கும், உடன்பிறந்தோர் ஒருவருக்கொருவரும் தரும் கொடைக்கு, தொகை எவ்வளவாயினும், பெறுபவருக்கு வருமான வரி இல்லை. பழைய கொடை வரியும் 1998 இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் பெரியப்பா மகனும் அத்தை மகனும் இந்தச் சட்டத்தின் கணக்கில் உறவினர் அல்லர். அவர்களிடமிருந்து ஓராண்டில் ஐம்பதாயிரத்துக்கு மேல் கொடையாக வந்தால் அது பெறுபவரின் வருமானமாகவே கொள்ளப்படும். திருமணத்தின்போது வரும் கொடைக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

எட்டு லட்சத்துக்கான எழுத்து

கொடைக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. தேதி, கொடுப்பவர், பெறுபவர், உறவு, தொகை, எந்த வங்கிக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு எந்தத் தேதியில் போனது, அந்தப் பணம் எந்த நிலத்தை விற்று வந்தது ஆகியவை இருக்க வேண்டும். “அன்பின் பேரில் கொடையாகக் கொடுத்துவிட்டேன், இதை நானோ என் வாரிசுகளோ திரும்பக் கேட்பதற்கில்லை” என்ற வாசகமே இதில் முக்கியமானது. “கொடுக்கிறேன்” என்று எழுதாமல் “கொடுத்துவிட்டேன்” என்று எழுதுவது நல்லது. பணம் முன்பே போய்ச் சேர்ந்ததால் கொடை முடிந்துவிட்டது, கடிதம் நடந்ததைக் குறிக்கும் சான்று மட்டுமே என்பது அதில் தெளிவாகும். அடியில் மகன், “ஏற்றுக்கொண்டேன்” என்று எழுதிக் கையொப்பம் இட வேண்டும். ஏற்பு என்பது கொடுப்பவரின் வாழ்நாளுக்குள் நடந்திருக்க வேண்டும் என்பது சட்டம். தாயும் மற்றப் பிள்ளைகளும் கையொப்பம் இட்டால், பின்னால் தெரியாது என்று சொல்ல இடமிராது.

பணத்தை மகனுக்குக் கொடுப்பதா, மகனுக்கும் மருமகளுக்கும் சேர்த்துக் கொடுப்பதா என்பதையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். மகளுக்கென்று கொடுக்கும் பணம் மருமகனின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தால் பின்னர் அது யாருடையது என்ற வழக்கு வர இடமுண்டு.

முதுமையில் மகன் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில்தான் பல பெற்றோர் கொடுக்கின்றனர். அந்த நம்பிக்கையையும் எழுத வேண்டும். 2007 ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டப்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் அறுபது வயதுக்கு மேற்பட்டவர் கொடுத்த சொத்தை, பராமரிப்பு கிடைக்காதபோது செல்லாததாக்கக் கோரலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வேண்டும். நிபந்தனை எழுத்தில் இல்லாமல் போனால், அது உண்டா இல்லையா என்பதே வழக்காகிவிடும். ஆனால் செலவாகிவிட்ட பணத்தைத் திரும்பப் பிடிப்பது வீட்டைத் திரும்பப் பெறுவதைக் காட்டிலும் கடினம். தமக்கு வாழ்நாள் முழுதும் வேண்டிய தொகையைக் கொடையாகக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொள்வதே பெற்றோருக்குப் பாதுகாப்பு.

வங்கியில் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. வீட்டுக் கடன் தரும்போது, மகன் போடும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, இது கொடை, திருப்பித் தர வேண்டியதில்லை என்று தந்தையிடம் எழுதி வாங்குவதுண்டு. சம்பிரதாயக் காகிதம் என்று எண்ணி முழு இருபது லட்சத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டால், வீட்டில் எழுதிய கடன் பத்திரத்துக்கு அதுவே எதிர்ச் சாட்சியாகும். எட்டு லட்சம் கொடை, பன்னிரண்டு லட்சம் கடன் என்ற உண்மையையே வங்கியிலும் எழுதித் தர வேண்டும். அதனால் வங்கி தரும் கடன் குறையலாம். குறைந்தாலும் உண்மைக்கு மாறாக எழுதக் கூடாது.

பன்னிரண்டு லட்சத்துக்கான எழுத்து

ஊர்ப் பழக்கத்தில் கடனுக்குப் புரோநோட்டு எழுதுவதே வழக்கம். “தாங்கள் கேட்கும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவருக்காவது செலுத்துகிறேன்” என்ற வாசகம் அதில் இருக்கும். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, கையொப்பம் ஸ்டாம்பின் மேல் குறுக்கே படும்படி போட வேண்டும். ஸ்டாம்பு ஒட்டாத மற்றப் பத்திரங்களுக்குப் பின்னர் அபராதம் கட்டிக் கோர்ட்டில் சேர்த்துக்கொள்ளலாம். புரோநோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஸ்டாம்பு இல்லாத நோட்டு சான்றாக எடுத்துக்கொள்ளப்படாது. ஒரு ரூபாய்ச் செலவில் முடியும் காரியத்தை விட்டுப் பன்னிரண்டு லட்சத்தின் சான்றை இழப்பது பரிதாபம்.

வட்டி வேண்டாம் என்றால் “வட்டியில்லாக் கடன்” என்று எழுத வேண்டும். வட்டி பற்றி ஒன்றும் எழுதாத நோட்டுக்கு, செலுத்த வேண்டிய நாள் முதல் நூற்றுக்குப் பதினெட்டு வட்டி என்பது மாற்றுமுறை ஆவணச் சட்டம். தந்தை கேட்க மாட்டார், ஆனால் அவருக்குப் பின் வருபவர் கேட்கலாம்.

விவசாயிகள் மிகவும் ஏமாறுவது காலக்கெடுவில்தான். கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டுக்கு, கேட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டு என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி நோட்டின் தேதியிலிருந்தே மூன்று ஆண்டு ஓடத் தொடங்குகிறது. நோட்டில்லாமல் கொடுத்த கைமாற்றுக்கும் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான். நம் எடுத்துக்காட்டில் நோட்டு 10-6-2022 அன்று எழுதப்பட்டது என்றால், 10-6-2025 உடன் கோர்ட்டுக்குப் போகும் உரிமை முடிந்துவிடும். மகனாயிற்றே என்று தந்தை பொறுத்திருந்தால், அந்தப் பொறுமையாலேயே கடன் காலாவதியாகும்.

இதைத் தடுக்கும் வழி எளிது. கெடு முடிவதற்குள் மகன் ஒரு சிறு தொகையைச் செலுத்தி, நோட்டின் பின்புறம் வரவு வைத்துத் தம் கையால் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். 3-3-2024 அன்று ஐம்பதாயிரம் ரூபாயை வங்கி வழியே அனுப்பி, அன்றே அவ்வாறு வரவு எழுதினால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கிறது. அதாவது 3-3-2027 வரை. தந்தை தாமாக எழுதிக்கொள்ளும் வரவு பயன்படாது, செலுத்துபவரின் கையெழுத்தே வேண்டும். பணம் எதுவும் செலுத்த இயலாவிட்டால், “இன்ன நோட்டின்படி நான் இவ்வளவு தர வேண்டியுள்ளது” என்று கெடுவுக்குள் எழுதிக் கையொப்பமிட்ட கடிதமும் போதும். நோட்டின் தேதியைத் திருத்துவதோ, பழைய தொகையின் மேல் எழுதுவதோ கூடாது. நோட்டையே அது செல்லாததாக்கிவிடும்.

பத்து ஆண்டில் சிறிது சிறிதாகத் தருவதாகப் பேசியிருந்தால் புரோநோட்டு அதற்கு ஏற்றதல்ல. முத்திரைத்தாளில் கடன் ஒப்பந்தம் எழுதி, ஒவ்வோர் ஆண்டும் எந்தத் தேதியில் எவ்வளவு என்று தவணையைக் குறிப்பிட வேண்டும். அப்போது ஒவ்வொரு தவணைக்கும் அதற்குரிய தேதியிலிருந்து கெடு தொடங்கும். ஒரு தவணை தவறினால் முழுத் தொகையும் உடனே கேட்கலாம் என்று சேர்த்து எழுதினால் கணக்கு மாறும். ஆகவே அந்த வாசகத்தைக் குடும்பக் கடனில் யோசித்தே சேர்க்க வேண்டும். மூல நோட்டோ ஒப்பந்தமோ தந்தையிடமும், நகல் மகனிடமும் இருக்கட்டும். முழுதும் தீர்ந்ததும் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வதை மகன் மறக்கக் கூடாது.

தந்தைக்குப் பின்

கெடு முடியுமுன் தந்தை காலமாகிவிட்டார், உயில் இல்லை என்று கொள்வோம். பன்னிரண்டு லட்சத்தில் ஐம்பதாயிரம் கழித்து மீதி பதினொன்றரை லட்சம் அவருக்கு வர வேண்டிய சொத்தாகிறது. 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயும் மூன்று பிள்ளைகளும் சம பங்குக்காரர்கள். ஒரு பங்கு 2,87,500 ரூபாய். மூத்தவர் தம் பங்கைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, மற்ற மூவருக்கும் சேர்த்து 8,62,500 ரூபாய் தர வேண்டியிருக்கும். நோட்டு காலாவதியாகியிருந்தால் அவரைச் சட்டம் கட்டாயப்படுத்தாது.

எட்டு லட்சக் கொடையின் கதை வேறு. தந்தை வாழ்நாளில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததை அவன் பங்கில் கழிக்க வேண்டும் என்ற விதி இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இல்லை. “அண்ணன் ஏற்கெனவே வாங்கியாயிற்று” என்று தம்பி சொல்வது ஊர்ப் பஞ்சாயத்தில் எடுபடலாம், கோர்ட்டில் எடுபடாது. கழிக்க வேண்டும் என்பது தந்தையின் எண்ணமானால் அவர் உயில் எழுதி, மூத்த மகன் எட்டு லட்சம் பெற்றிருப்பதால் மீதிச் சொத்தில் அவருக்கு இவ்வளவு, இளையவருக்கு இவ்வளவு, மகளுக்கு இவ்வளவு என்று குறிப்பிட வேண்டும். கடனை மன்னிப்பதாக இருந்தாலும் உயிலில் எழுதலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கட்டாயம், சொத்துப் பெறுபவரைச் சாட்சியாகப் போடாமலிருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்தால் காகிதம் தொலைந்தாலும் நகல் கிடைக்கும்.

உயில் இல்லாமல் தந்தை இறந்து, மூத்தவர் கடனைத் தர மறுத்து, வழக்குத் தொடரும்படி நேர்ந்தால், தாசில்தார் தரும் வாரிசுச் சான்று மட்டும் போதாது. இறந்தவருக்கு வர வேண்டிய கடனை வசூலிக்கத் தீர்ப்புப் பெற, நீதிமன்றம் தரும் சக்சஷன் சான்றிதழ் வேண்டும். அதற்கு மனுப் போட்டு மற்ற வாரிசுகளுக்கு நோட்டீஸ் கொடுத்துப் பெறுவதற்குள் மாதங்கள் ஓடும். ஆகவே நோட்டின் மூன்றாண்டுக் கெடுவில் எத்தனை நாள் மிச்சம் என்பதை, கருமாதி முடிந்த கையோடு குடும்பத்தார் பார்த்துக்கொள்ள வேண்டும்.